34 பேர் பாஸ், சரி... எத்தனை பேரில்?

கோச்சிங் சென்டர்களுக்கு போஸ்ட் எழுதித் தருவது என் வேலை. ரிசல்ட் வந்த அன்று வரும் மெசேஜ் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "94% பாஸ்னு போட்டுடுங்க, டாப்பர் போட்டோ பெருசா இருக்கட்டும்." டிசைனில் கை வைக்கும் முன், அந்த 94 எங்கிருந்து வந்தது என்று கேட்பேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 60 பேர் சேர்கிறார்கள். 12 பேர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள், 8 பேர் பரீட்சைக்குப் போகவில்லை. எழுதியவர்கள் 40 பேர், அதில் 34 பேர் பாஸ். சென்டரிலிருந்து எல்லோருக்கும் போன் போடுகிறார்கள். எழுதியவர்களில் 36 பேர் எடுக்கிறார்கள். ஃபெயில் ஆனவர்தானே போனை எடுக்கத் தயங்குவார்? 36-இல் 34 என்றால் 94%. எழுதிய 40-இல் 85%. சேர்ந்த 60-இல் 57%. பாஸ் ஆன 34 பேர் மாறவே இல்லை, கீழே இருக்கும் எண்தான் மாறிக்கொண்டே வருகிறது. மூன்றுமே கணக்குப்படி சரி. ஆனால் பணம் கட்ட வரும் பெற்றோர் தெரிந்துகொள்ள நினைப்பது 60-இலிருந்து தொடங்கும் கணக்கை.

பாதியில் நின்றவருக்கெல்லாம் சென்டரைக் குறை சொல்ல முடியாது, உண்மைதான். அதற்காகவே நான் சதவீதத்தை விட்டுவிட்டு எண்களையே எழுதச் சொல்வேன்: "சேர்ந்தவர்கள் 60, எழுதியவர்கள் 40, தேர்ச்சி 34." போனை எடுக்காத நால்வரின் ரிசல்ட் தெரியவில்லை என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். சின்ன பேட்ச் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 5 பேர் எழுதி 5 பேரும் பாஸ் ஆனால் "100%" என்பதைவிட "ஐவரும் தேர்ச்சி" என்பதே நேர்மை.

அப்புறம் டாப்பர். ஒரே முகம் மூன்று சென்டர் பேனர்களில் சிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் முழு வகுப்பு, இன்னோரிடத்தில் மாதிரித் தேர்வு மட்டும், மூன்றாவதில் இலவச நேர்முகப் பயிற்சி. மூவரும் பொய் சொல்லவில்லை, எதற்கு வந்தார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைத்தான் பிடிக்கின்றன. போட்டோவோடு ரேங்க், படித்த கோர்ஸ், அதன் கால அளவு, கட்டணமா இலவசமா என்பதும் இருக்க வேண்டும். போட்டோ போட எழுத்துப்பூர்வ சம்மதமும் தேவை. அதுவும் தேர்வில் வென்ற பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். அட்மிஷன் ஃபாரத்தின் கடைசிப் பக்கத்தில் வாங்கிய கையெழுத்து இதற்கு உதவாது.

இதையெல்லாம் போட்டால் கொண்டாட்டம் மங்கிவிடும் என்று உரிமையாளர்கள் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "கணிதத்தில் 98. பத்து மாத வார இறுதி வகுப்பு, கட்டணப் பயிற்சி. முதல் மாதிரித் தேர்வில் எடுத்தது 41" என்று போட்டோவுக்குக் கீழே இருந்தால், அந்த 41-ஐப் பார்த்துத்தான் பெற்றோர் போன் செய்வார்கள். மாணவர் சம்மதித்தால் மட்டுமே அந்த எண்ணைப் போடுங்கள்.