படத்தில் பிரவுனாகத் தெரிந்தால் கட்டுவிரியன் இல்லை என்று அர்த்தமில்லை

மறுபடியும் அதே கதை. இரவில் எடுத்த ஒரு படம், கூடவே "பிரவுனா இருக்கு, பட்டை மஞ்சள், அப்ப வெள்ளிக்கோல் வரையன்தானே, விஷமில்லையே?" என்று ஒரு கேள்வி. நேரில் போய்ப் பார்த்தால் நடுமுதுகில் பெரிய அறுகோணச் செதில் வரிசையோடு அசல் கட்டுவிரியன்.

கட்டுவிரியனின் உடல் நீலம் பாய்ந்த கருப்பு, பட்டை வெள்ளை. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வெள்ளை மஞ்சளாகும், பளபளக்கும் கருப்புச் செதில் பிரவுனடிக்கும். எது வெள்ளை என்று கேமரா ஊகித்துத்தான் நிறத்தைச் சரிசெய்கிறது, ஊகம் தப்பினால் எல்லாமே தப்பு. இந்தப் படத்தில் பாம்புக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரே வெண்ணெய் நிறத்தில் இருந்தது. சுவரை நம்ப முடியாதபோது பட்டையின் மஞ்சளை மட்டும் எப்படி நம்புவது?

அப்புறம் ஜூம். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, டிஜிட்டல் ஜூம் பாம்பைப் பக்கத்தில் கொண்டுவராது! நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டும், அவ்வளவுதான். 4000-க்கு 3000 புள்ளி எடுக்கும் கேமராவில் 4 மடங்கு டிஜிட்டல் ஜூம் வைத்தால் உண்மையில் பதிவாவது 1000-க்கு 750 புள்ளி, அதாவது பதினாறில் ஒரு பங்கு, மீதியெல்லாம் போன் இட்டு நிரப்பியது. அந்த அகலம் முழுக்க ஒரு மீட்டர் பாம்பு நீண்டு கிடந்தால் 2 மில்லிமீட்டர் பட்டைக்குக் கிடைப்பது 2 புள்ளிதான். இதை மெசேஜில் அனுப்பும்போது ஆப் இன்னும் சுருக்கும். ஜேபெக் சுருக்கம் வெளிச்ச வித்தியாசத்தை ஓரளவு காப்பாற்றும், நிறத்தைப் பெரும்பாலும் நாலு புள்ளிக்கு ஒன்று என்றுதான் வைக்கும். மஞ்சளேறிய பட்டையும் பக்கத்துக் கருப்பும் கலந்தால் பிரவுன் வராமல் வேறென்ன வரும்? "பிரைட்னஸ் ஏத்தி அனுப்புறேன்" என்பார்கள், தயவுசெய்து வேண்டாம், கருப்பு இன்னும் வெளுக்கும்.

அந்தப் படத்தில் உதவியது பட்டை எங்கே இருந்தது என்பதுதான். கழுத்துப் பக்கம் பட்டையே இல்லை, வால் பக்கம் போகப்போகத் தெளிவாக இருந்தது. வெள்ளிக்கோல் வரையனுக்குப் பொதுவாக நேர்மாறு, முன்னால் தெளிவு, வாலில் மங்கல். ஆனால் கட்டுவிரியன் குட்டிக்குக் கழுத்திலிருந்தே பட்டை இருக்கலாம், அதனால் இதை மட்டும் நம்பி "விஷமில்லை" என்று சொல்லிவிட முடியாது.

சரி, படம் எடுத்தே ஆகவேண்டும் என்றால் தள்ளியே நின்று ஜூம் இல்லாமல் முழு உடலும் விழும்படி நாலைந்து எடுங்கள், கிட்டே போகாதீர்கள். ஃபிளாஷ் ஒன்று, ஃபிளாஷ் இல்லாமல் ஒன்று. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், டாக்குமென்டாக அனுப்புங்கள், வெட்டிப் பெரிதாக்குவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கடித்திருந்தால் படமும் வேண்டாம், என் பதிலும் வேண்டாம். கட்டுவிரியன் கடி வலிக்காமலும் வீங்காமலும் இருக்கலாம், நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.