மதிப்பீட்டுச் சாய்வு – சொல் விளக்கம்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் யூனிட் டிரஸ்ட் முகவர்கள் ‘பி.இ.’ என்று சொல்வதை நம் ஏடுகள் ‘விலை–வருவாய் விகிதம்’ என்று எழுதுகின்றன. நிறுவனத்தின் மொத்த விற்பனையையும் நாம் வருவாய் என்றே சொல்வதால் இது குழப்பம் தருகிறது. பங்கின் விலையை வகுக்க இக்கணக்கில் இடம்பெறுவது ஒரு பங்குக்குரிய, வரி போன நிகர இலாபம் என்பதால், ‘விலை–இலாப விகிதம்’ என்பதே பொருத்தமான தமிழ். சந்தை முழுமைக்குமான இவ்விகிதத்தைப் பார்த்து, சேமிப்பில் பங்குகளுக்கு ஒதுக்கிய விழுக்காட்டைச் சற்றே கூட்டுவதோ குறைப்பதோ மதிப்பீட்டுச் சாய்வு எனப்படும். ஆங்கிலத்தில் ‘டில்ட்’ என்பது இதைத்தான். சாய்வதற்கு ஒரு நிலையான இருப்பு முதலில் வேண்டும் என்பது இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

எந்த இலாபத்தால் வகுப்பது என்பதில்தான் சிக்கல். 2009-இல் அமெரிக்கப் பங்கு விலைகள் பாதிக்குமேல் சரிந்திருந்தபோது, இலாபம் அதைவிட வேகமாக வீழ்ந்ததால், ஓராண்டு இலாபத்தைக் கொண்ட விகிதம் 100-ஐத் தாண்டி, மலிந்த சந்தையை விலையேறியதாகக் காட்டியது. இதனால்தான் கேம்பெல், ஷில்லர் ஆகிய பொருளியலாளர்கள் 1988-இல் முன்வைத்தபடி, பணவீக்கம் நீக்கிய பத்தாண்டுச் சராசரி இலாபத்தால் வகுப்பது நல்லது.

ஆனால் சந்தை எப்போது சரியும் என்று அந்த விகிதமும் நாள் குறித்துத் தராது. 1996 டிசம்பரில் அது ஏறத்தாழ 28. 1929-க்குப் பின் காணாத உயரம். அப்போது அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்டு பி 500 குறியீடு 740 அளவில் இருந்தது. அது 2000 மார்ச்சில் 1,500-ஐக் கடந்தது. பின்னர் நேர்ந்த பெருஞ்சரிவில், 2002 அக்டோபரில் கூட 770-க்குக் கீழே முடியவில்லை. விகிதத்தை நம்பி அனைத்தையும் விற்றவர், விற்ற விலைக்கே திரும்ப வாங்க அந்தச் சரிவிலும் வாய்ப்புப் பெறவில்லை.

பட்டர்வொர்த்தில் ஒரு குடும்பம் 100,000 ரிங்கிட்டில் 60 விழுக்காட்டைப் பங்கு நிதியிலும் எஞ்சியதை நிரந்தர வைப்பிலும் வைத்திருப்பதாகக் கொள்வோம். விகிதம் தன் வரலாற்றின் மேல் ஐந்தில் ஒரு பகுதியில் இருந்தால் பங்கு நிதியில் 55 விழுக்காடு, கீழ் ஐந்தில் ஒரு பகுதியில் இருந்தால் 65, இடையில் 60 என்று முன்கூட்டியே எழுதிவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கிறார்கள். 55-க்கு இறங்கிய பிறகு சந்தை இரட்டித்தால், வைப்பு வட்டியைக் கழிக்காமல் அவர்கள் இழப்பது 5,000 ரிங்கிட். முழுதும் விலகியிருந்தால் 60,000. சந்தை பாதியாகச் சரிந்தால் காப்பது 2,500 மட்டுமே. இது சிறு தொகைதான்; ஆனால் இவ்வளவு மங்கலான கருவியை நம்பி அதற்குமேல் பணயம் வைப்பது என் கணிப்பில் பேராசை.

கோலாலம்பூர் கூட்டுக் குறியீட்டை வங்கிகள் மிகுந்த அதன் இயல்பினால் அமெரிக்க விகிதத்தோடு ஒப்பிடலாகாது. 2009 ஜூலையில் அது 100 நிறுவனங்களிலிருந்து 30-ஆகச் சுருங்கியதால், அதன் பழைய விகிதங்களையும் அப்படியே அளவுகோலாகக் கொள்ள முடியாது. மேலும் யூனிட் டிரஸ்ட்டை விற்று வாங்கும்போது நுழைவுக் கட்டணமே சாய்வின் பயனை விழுங்கிவிடக்கூடும். ஆகவே இருப்பதை விற்காமல், மாதந்தோறும் செலுத்தும் புதுப் பணத்தை வேண்டிய பக்கம் திருப்பியே சாய்வை எட்டலாம்.