முதுகுக்குப் பின்னால் இருக்கும் மரம் மூக்குக்கண்ணாடியில் தெரியாது

போன வாரம் மறுபடியும் ஒன்று வந்தது. மேகம் மூடிய பகலில், திறந்தவெளியில் எடுத்த குடும்பப் படம். அன்றைக்கு வர முடியாத ஒருவருக்காக, அவர் தம்பி முன்வரிசையில் உட்கார்ந்து உடம்பைக் கொடுத்திருக்கிறார். அண்ணன் அறைக்குள் எடுத்த செல்ஃபியிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி யாரோ அங்கே ஒட்டியிருக்கிறார்கள். தோல் நிறம், கழுத்து சேரும் இடம், நிழல் எல்லாம் நல்ல வேலைதான். "ஆனால் என்னவோ உறுத்துது, பார்த்துச் சொல்லுங்க" என்று அனுப்பியிருந்தார்கள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியின் இரண்டு லென்ஸிலும் மரங்கள். குடும்பத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் அதே மரங்கள்.

இதை எத்தனை முறைதான் சொல்வது? லென்ஸின் முன்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. முகத்துக்கு எதிரே இருப்பதைத்தான் அது காட்டும். எதிரே இருப்பது கேமரா, படம் எடுப்பவர், அவர் காலடித் தரை, அவர் தலைக்கு மேலே உள்ள வானம். அதாவது, படத்துக்குள் வராத பாதி உலகம். நீங்கள் குளியலறைக் கண்ணாடி முன் நிற்கும்போது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சுவரா தெரிகிறது? நீங்களும் நீங்கள் நிற்கும் அறையும்தானே தெரிகிறீர்கள்? அதே கதைதான். பின்னணியை வெட்டி, மங்கலாக்கி, லென்ஸ்மேல் போட்டால் "இடத்தோடு ஒட்டிவிடும்" என்று நினைக்கிறார்கள். ஒட்டாது. ஏன் ஒட்டவில்லை என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், உறுத்தல் மட்டும் போகாது.

இன்னொரு கூத்தும் இருந்தது. இடது லென்ஸை முடித்துவிட்டு அதையே இடவலமாகத் திருப்பி வலதில் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி ஃபிரேம் இரண்டு பக்கமும் ஒத்திருக்கலாம், உலகம் அப்படி இல்லை. இரண்டு லென்ஸும் பார்ப்பது ஒரே காட்சியை, கொஞ்சம் வேறு வேறு கோணத்தில். இடது லென்ஸில் ஒரு பிரகாசம் இடப்பக்கம் இருந்தால் வலது லென்ஸிலும் அது ஏறக்குறைய இடப்பக்கமே இருக்கும், அல்லது லென்ஸுக்கு வெளியே நழுவிப் போயிருக்கும். மூக்கை நடுவில் வைத்து மடித்த மாதிரி ஒருநாளும் வராது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் நான் தேடியது அதே படத்தில் கண்ணாடி போட்ட வேறு யாராவது இருக்கிறார்களா என்று. இரண்டு இருக்கை தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். அவர் லென்ஸில் மேல்பக்கம் மட்டும் வெளிறிய வானம், கீழே இருண்ட தரை, நடுவில் கைகால் வைத்த ஒரு கறுப்புப் புள்ளி. அதுதான் புகைப்படக்காரர். இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

அடுத்தது பழையதை எடுப்பது. செல்ஃபியில் அறை ஜன்னலும் கணினித் திரையும் லென்ஸில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தன. பிரதிபலிப்பு என்பது அடியில் உள்ள தோலின்மேல் கூடுதலாக வந்து சேரும் ஒளி. ஓரளவுக்கு இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் இருட்டாக்கி மீட்கலாம். முழு வெள்ளையாக எரிந்துபோயிருந்தால் அடியில் ஒன்றும் மிச்சமில்லை, வேறு படம்தான் கேட்க வேண்டும். கேட்டேன். கண்ணாடி போடாத படம் ஒன்று அனுப்பினார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிட்டப்பார்வைக்காரரின் மைனஸ் லென்ஸ் பின்னால் உள்ளதைச் சிறிதாக்கும். கன்னத்தின் ஓரம் லென்ஸுக்குள் மட்டும் உள்ளே தள்ளித் தெரியும், கண்ணும் சின்னதாகத் தெரியும். வெறுங்கண்ணை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் அந்த ஒடிவு காணாமல் போய்விடும். அப்புறம் வீட்டார் "இது அவர் முகம் மாதிரியே இல்லையே" என்பார்கள். ஓரத்தில் மிச்சமிருந்த ஒடிவை அளவாக வைத்துக் கண்ணைச் சுருக்கி உட்கார வைத்தேன்.

கருவிழியையும் பாருங்கள். அதுவும் ஒரு குட்டிக் குவி ஆடி, வளைவின் ஆரம் 8 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2 மீட்டர் தள்ளி இருக்கும் 1 மீட்டர் அகல ஜன்னல் அதில் சுமார் 2 மில்லிமீட்டராக விழும். முதலில் வேலை செய்தவர் லென்ஸைத் துடைத்துவிட்டுக் கண்ணுக்குள் ஜன்னலை விட்டுவிட்டார்.

பிறகு புதிய பிரதிபலிப்பு. மேலே வானம், கீழே தரை, இரண்டே நிறம் போதும். லென்ஸ் முன்னால் குவிந்திருப்பதால் காட்சி நன்றாகச் சுருங்கும், ஓரங்களில் வளையும், இடவலம் மாறும். லேயரை `Screen` முறையில் வைத்தேன். ஒளி கூடத்தான் செய்யும் என்பதால் `Normal` இங்கே தப்பு. அது கண்ணுக்குமேல் சாம்பல் படலம் ஒட்டிவிடும். சரியான பிரதிபலிப்பு புருவத்தின்மேலும் இமைமேலும் நன்றாகத் தெரியும், வெளிச்சமான கன்னத்தின்மேல் கரைந்துவிடும். பூச்சு இல்லாத லென்ஸ் தன்மேல் நேராக விழும் ஒளியில் இரண்டு பரப்பும் சேர்த்துச் சுமார் 8 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். எதிரொளி தடுக்கும் பூச்சு இருந்தால் அதைவிட மிகக் குறைவு, அதுவும் பச்சையாகவோ நீலமாகவோ வரும். செல்ஃபியில் ஜன்னல் பச்சையாக விழுந்திருந்தது, எனவே என் வானத்துக்கும் லேசாகப் பச்சை ஏற்றினேன்.

வானத்தின் விளிம்பை எந்த உயரத்தில் வைப்பது? தலை 5 டிகிரி நிமிர்ந்தால் பிரதிபலிப்பு 10 டிகிரி நகரும். பெரியவர் தாடையைத் தாழ்த்தியிருந்தார், நம்மவர் நிமிர்ந்திருந்தார். அதனால் அவருடைய லென்ஸில் வானம் இன்னும் கீழே இறங்க வேண்டும். பெரியவருடையதை நகலெடுத்து ஒட்டியிருந்தால் இதிலும் மாட்டியிருப்பேன்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறகு யாரையாவது படத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால், அவர் இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்று கேமராவை வைத்திருந்த பக்கம் பார்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். அரை நிமிட வேலை. திரைப்பட வரைகலைக்காரர்கள் செட்டில் பளபளக்கும் உருண்டையை வைத்துப் படம் எடுப்பதும் இதற்குத்தான். முகத்துக்குரியவரையும் கண்ணாடியோடு ஒன்று, அசையாமல் கண்ணாடியைக் கழற்றி ஒன்று என்று எடுத்துவிடுங்கள். ஜன்னலுக்கு முன்னால் எடுக்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.

எல்லாம் முடிந்தது என்று கோப்பை மூடப் போனேன். முன்வரிசைக்குக் கொஞ்சம் முன்னால் பளபளப்பான கறுப்பு மேசை ஒன்று கிடந்தது. அதில் தலைகீழாக, கண்ணாடி போடாத தம்பி சிரித்துக்கொண்டிருந்தார். மேலே அண்ணன், கீழே தம்பி. முகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் தீராது, ஏனென்றால் மேசை முகத்தைக் கீழேயிருந்து பார்க்கிறது, தாடையின் அடிப்பக்கமும் மூக்குத் துவாரமும் அதில் தெரிய வேண்டும். செல்ஃபியில் அது இல்லை. நல்லவேளை, மேசையில் தூசி இருந்ததால் பிரதிபலிப்பு மங்கல்தான். தம்பியின் கண் மூக்கைக் கலைத்துவிட்டு, அண்ணனின் முடிக்கோடும் கண்ணாடி ஃபிரேமின் இரண்டு கறுப்புக் கோடுகளும் மட்டும் தெரிகிற மாதிரி வரைந்து அனுப்பினேன்.