இரவில் கெண்டைக்கால் பிடிப்பு: ரத்தப் பரிசோதனை யாருக்கு?

கோத்தகிரியில் மார்கழிக் குளிர் இறங்கியதும், "ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது" என்று வருபவர்கள் கூடிவிடுகிறார்கள். பலர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள். நாளெல்லாம் சரிவில் காலூன்றி நிற்பதால் கெண்டைச் சதை களைத்துப்போகிறது. குளிரில் தாகமும் தெரிவதில்லை. தோட்டத்தில் கழிப்பறை இல்லையென்று தண்ணீரையே தவிர்ப்பவர்களும் உண்டு. அது அவர்கள் தவறல்ல. கழிப்பறை அமைத்துத் தரவேண்டியது நிர்வாகம்தான்.

பிடிக்கும்போது முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை உங்கள் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். அரை நிமிடத்தில் பெரும்பாலும் தளரும். தடுப்பதற்கு, படுக்கப்போகும் முன் சுவரில் கைகளை ஊன்றி ஒரு காலைப் பின்னால் வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழக்கூடாது, முழங்கால் மடங்கக்கூடாது. முன்னால் சாய்ந்து அரை நிமிடம் நில்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. ஓரிரு நாளில் விட்டுவிடாமல் ஆறு வாரம் செய்தால்தான் பலன் தெரியும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும் அளவுக்குத் தண்ணீர் குடித்தால் போதும். பிபி உள்ளவர்கள் தினமும் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்க வேண்டாம். இதய, சிறுநீரக நோயாளிகள் தண்ணீரின் அளவையே டாக்டரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும்.

எப்போதாவது வரும் பிடிப்புக்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை. செய்தாலும் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும்.

ஐம்பதைக் கடந்த ஓர் அம்மாவின் கதை வேறு. ஒரு மாதமாக அநேகமாகத் தினமும் பிடிப்பு. "தண்ணி நிறைய குடிச்சிட்டேன் டாக்டர், நீங்க சொன்ன மாதிரி காலையும் நீட்டிப் பார்த்துட்டேன்" என்றார். பகலில் கைவிரல்களும் மடங்கிப் பிடிப்பதாகவும், மேட்டில் ஏறினால் தொடை வலுவிழப்பதாகவும் சொன்னது என்னை நிறுத்தியது. மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். பிபி மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதையசைடு கலந்திருந்தது. அது சிறுநீரை அதிகமாக்கும் மருந்து. கூடவே பொட்டாசியமும் மெக்னீசியமும் வெளியேறும். ரத்தத்தில் பொட்டாசியம் 2.9 என வந்தது, 3.5க்குக் கீழே போனாலே குறைவு. மெக்னீசியமும் குறைந்திருந்தது. அதைச் சரிசெய்யாமல் பொட்டாசியத்தை மட்டும் கொடுத்தால் அளவு ஏறாது. இரண்டையும் ஈடுகட்டி, பிபி மாத்திரையை மாற்றி, ஒரு வாரத்தில் மறுபடி பார்த்தோம். பிடிப்பு படிப்படியாக நின்றது.

ஆகவே, கால் நீட்டும் பயிற்சிக்குப் பிறகும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், பகலிலும் வந்தால், சதை வலுவிழந்தால், மரத்துப்போனால், வயிற்றுப்போக்கு நீடித்தால், சிறுநீர் மாத்திரை எடுத்தால், சிறுநீரக நோய் இருந்தால் பரிசோதனை நியாயமானது. சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், கிரியாட்டினின், சர்க்கரை, தைராய்டு இவை போதும்.

எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டைகளை எடுத்து வாருங்கள். நம் நீலகிரி நடுவட்டத்தில் தயாரான மலேரியா மருந்து கொய்னாவை ஒரு காலத்தில் இந்தப் பிடிப்புக்கும் கொடுத்தார்கள். ரத்தத்தட்டுகளையும் இதயத் துடிப்பையும் அது பாதிக்கக்கூடும் என்பதால் இன்று வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தேய்க்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம்.