ஆறு புதினாவும் முப்பத்துமூன்று சொற்களும்

மாணவர் கட்டுரைகளைத் திருத்துவதும் போட்டிகளுக்கு வரும் படைப்புகளை முதல் சுற்றில் படித்துப் பிரித்துக் கொடுப்பதும் என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூரில் உயர்நிலை மாணவர்களுக்கான ஒரு போட்டியில் ‘தேக்கா சந்தை’ என்று தலைப்பு கொடுத்து, குறைந்தது 400 சொற்கள் என்று விதி வைத்திருந்தார்கள். வந்தவற்றுள் இரண்டு கட்டுரைகளை நான் தவறாக மதிப்பிட்டேன். அந்தத் தவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கட்டுரையின் இரண்டாம் பத்தி இப்படி இருந்தது:

“தேக்கா சந்தை எங்கள் வாழ்வில் முக்கிய இடம் வகிக்கிறது. அது வெறும் கடைகளின் தொகுப்பு மட்டுமல்ல. நம் பண்பாட்டின் அடையாளமும் ஆகும். இச்சந்தை நம் மரபைப் பறைசாற்றுகிறது. நம் முன்னோர்களின் வாழ்க்கைமுறையை இது நினைவூட்டுகிறது. எனவே, இச்சந்தை நம் சமூகத்திற்கு இன்றியமையாதது என்றால் அது மிகையாகாது.”

இரண்டாவது கட்டுரையில் ஒரு பகுதி:

“பாட்டி புதினா வாங்கி வரச் சொன்னார். முதல் கடையில் புதினா இல்லை. அடுத்த கடையிலும் புதினா இல்லை. மூன்றாவது கடைக்காரர், ‘புதினாவா, காலையிலேயே முடிந்துவிட்டது தம்பி’ என்றார். புதினா இல்லாமல் வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால், பாட்டி புதினாவைப் பற்றிக் கேட்கவே இல்லை.”

இரண்டாவது கட்டுரையில் ஆறு ‘புதினா’க்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘கூறியது கூறல்’ என்று எழுதினேன். முதல் கட்டுரைக்குச் ‘சொல்வளம் நன்று’ என்று குறித்தேன். என்னுடன் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்த மூத்த ஆசிரியை இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, ரெண்டு குறிப்பையும் இடம் மாத்திப் போட்டுட்டீங்களே” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கூறியது கூறல் என்பது நன்னூல் எண்ணும் பத்துக் குற்றங்களுள் ஒன்று. தமிழ் படித்தவர்கள் எல்லாரும் மனப்பாடமாக அறிந்தது. ஆனால், அந்தத் தொடர் கூறப்பட்ட பொருளைக் குறிக்கிறதே அன்றி, சொல்லை அல்ல. நான் சொல்லைத் தேடி வட்டமிட்டேன். முதல் கட்டுரையின் மாணவர் ஒரே பொருளுக்கு ‘முக்கிய இடம்’, ‘அடையாளம்’, ‘மரபு’, ‘இன்றியமையாதது’ என்று நான்கு உடை மாற்றியிருந்தார். அந்த நான்கில் ஒன்றுகூட மீண்டும் வராததால் என் மை அங்கே போகவே இல்லை.

ஆசிரியை செய்து காட்டிய சோதனை எளியது. முதல் கட்டுரைப் பத்தியின் ஆறு வாக்கியங்களையும் இடம் மாற்றி, கடைசியில் இருப்பதை முதலில் வைத்துப் படித்தார். ‘எனவே’ என்ற ஒரு சொல் மட்டும் இடறியது, மற்றபடி எந்தச் சேதமும் இல்லை. பிறகு ‘தேக்கா சந்தை’ என்பதை எடுத்துவிட்டு ‘சமூக மன்றம்’ என்று வைத்தார். ‘கடைகளின்’ என்பதை ‘அறைகளின்’ என்றும், ‘இச்சந்தை’ என்பதை ‘இம்மன்றம்’ என்றும் மாற்றியதும் பத்தி அப்படியே நின்றது. முப்பத்துமூன்று சொற்களில் சந்தைக்கே உரிய செய்தி எது என்று தேடினால், அங்கே கடைகள் இருக்கின்றன என்பது ஒன்றுதான். புதினாப் பகுதியிலோ ஒரு வாக்கியத்தையும் நகர்த்த முடியவில்லை. முதல் ‘புதினா’ ஒரு வேலை, இரண்டாவதும் மூன்றாவதும் ஏமாற்றம், நான்காவது கடைக்காரரின் குரல், ஐந்தாவது பயம், ஆறாவதில் அந்தப் பயம் வீணாகிப்போகிறது. வலிந்து நீட்டிய எழுத்தில் சொல் மாறிக்கொண்டே இருக்கும், பொருள் நின்ற இடத்திலேயே நிற்கும். இயல்பாக மீண்டும் வருவதில் சொல் நிற்கும், பொருள் நகரும்.

இங்கே ஒருவர் மறுக்கலாம்: வேறுவேறு சொற்களால் ஒரே பொருளைச் சொல்வதைப் பொருள் பின்வருநிலை என்று அணியாகவே வைத்திருக்கிறோமே என்று. வைத்திருக்கிறோம்தான். அதற்குத் தண்டியலங்காரம் காட்டும் பாட்டில் அவிழ்ந்தன, அலர்ந்தன, நெகிழ்ந்தன என்று ‘மலர்ந்தன’ என்ற ஒரே பொருள் தொடர்ந்து வருகிறது. ஆனால், ஒவ்வொரு முறையும் பூ வேறு: தோன்றி, காயா, முல்லை என்று கார்காலம் கண்முன்னே நிரம்பிக்கொண்டு வருகிறது. நம் பத்தியில் பூவும் அதே பூதான்.

மனிதர் அறியாமல் செய்யும் மீள்கூற்றும் உண்டு. அது அழகல்ல, ஆனால் அதன் முகம் வேறு. புதினா மாணவர் தொடக்கத்தில் பாட்டிக்கு முட்டிவலி என்று எழுதியிருந்தார். ஒரு பக்கம் கடந்து, ஏற்கெனவே சொன்னதை மறந்து, மீண்டும் பாட்டிக்கு முட்டிவலி என்று எழுதி, ‘அதனால் மின்தூக்கி பழுதான நாளில் கீழே இறங்கமாட்டார்’ என்று சேர்த்தார். மறதியால் வருவது இப்படித்தான் ஒழுங்கில்லாத தொலைவில் வரும்; பெரும்பாலும் அதே சொற்களில் வரும்; வரும்போது சிறிது புதுச் செய்தியையும் இழுத்துக்கொண்டு வரும். நீட்டி எழுதியதில் மீள்கூற்று கடிகாரம் போல, ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியத்திலும் வந்து நிற்கும். கட்டுரையின் பத்தி இறுதிகளை மட்டும் வரிசையாகப் படித்தால் இது பளிச்சென்று தெரியும். முதல் கட்டுரையில் ஐந்து பத்திகள். ஐந்தும் சந்தை முக்கியமானது என்றே முடிந்தன.

இக்காலத்தில் இப்படி ஒரு பத்தியைக் கண்டதும், கணினி எழுதிக் கொடுத்ததுதானே என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கிறார்கள். சொல்வதற்குச் செய்தி எதுவும் தராமல் நீளத்தை மட்டும் சொல்லிக் கேட்டால், செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இவ்வாறு நிரப்பித் தருவது உண்மை. ஆனால், இதை வைத்து ஒரு பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் உடன்படமாட்டேன். ‘என்றால் அது மிகையாகாது’ என்பதை நல்ல தொடர் என்று பட்டியலிட்டு மனப்பாடம் செய்ய வைத்தவர்கள் நாம்தான். நான் கூடச் செய்திருக்கிறேன். இந்தச் சோதனைகள் பத்தி வெறுமையாக இருக்கிறது என்று காட்டும். அதை யார் எழுதினார் என்று காட்டா.

போட்டி முடிந்த பிறகு நடந்த ஒரு பட்டறையில் முதல் கட்டுரையின் மாணவியைச் சந்தித்தேன். பத்தியைக் காட்டி, “கடைசியாக எப்போதம்மா போனாய், யாரோடு?” என்று மட்டும் கேட்டேன். அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் போவாராம். ஈரத்தரையில் செருப்பு வழுக்கும் என்பதால் அவர் காலணி போட்டுக்கொள்வார், அப்பா போடமாட்டார். ஆட்டிறைச்சிக் கடைக்காரர் அப்பாவைக் கேட்காமலே எலும்பு சேர்த்து வெட்டுவார். “இதெல்லாம் எழுதலாமா சார்?” என்று கேட்டார். எழுதினால் 400 சொல் வராது என்ற பயம் வேறு அவருக்கு.

அந்தப் பயத்தில் அவர் செய்திருந்த இன்னொன்றை முதல் சுற்றிலேயே கவனித்திருந்தோம். கணினி இடைவெளியை வைத்துத்தான் சொற்களை எண்ணும். ஆகவே, ‘நடந்துகொண்டிருந்தோம்’ என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், ‘நடந்து கொண்டு இருந்தோம்’ என்று பிரித்தால் மூன்று. அவர் எல்லா வினைகளையும் பிரித்து வைத்திருந்தார். மாறாக, புதினா மாணவர் முறையாகச் சேர்த்தே எழுதியிருந்தார். அவர் கட்டுரை 391 சொற்களில் நின்றது, விதிப்படி தள்ளியிருக்க வேண்டும். மூத்த ஆசிரியை ஒரு பென்சிலை எடுத்து, அவருடைய துணைவினைகளுள் ஐந்தை மட்டும் மாணவியைப் போலவே பிரித்து எண்ணிக் காட்டினார்: 401. நான் சிவப்பு வட்டங்களுக்குப் பக்கத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதிக் கட்டுரையை அடுத்த சுற்றுக்கு அனுப்பினேன்.