மொத்த எடை சரி, ஒரு பெட்டி மட்டும் ஏன் தப்பு? 32 கிலோ விதி

சென்னையிலிருந்து துபாய்க்குக் கணவன், மனைவி இருவரும் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட்டில் ஆளுக்கு 30 கிலோ, ஆக மொத்தம் 60. கொண்டுவந்திருப்பது இரண்டு பெட்டி: ஒன்று 36 கிலோ, இன்னொன்று 19. கூட்டினால் 55தான் வருகிறது. ஆனாலும் கவுன்ட்டரில் இருப்பவர், "சார், மொத்தம் சரிதான். ஆனா இந்தப் பெட்டியை இப்படியே போட முடியாது, கொஞ்சம் எடுத்துடுங்க" என்கிறார். கூடுதல் பணம் கட்டுகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்வதில்லை.

இங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு விதி. 60 கிலோ என்பது நீங்கள் வாங்கிய டிக்கெட்டுக்கான உரிமை. ஒரே பிஎன்ஆரில் பயணம் செய்பவர்கள் அதைச் சேர்த்துக் கணக்கிடப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. 32 கிலோ என்பது தனி ஒரு பெட்டிக்கான உச்சவரம்பு. உலகின் பெரும்பாலான விமான நிறுவனங்களில் இதுதான் எல்லை, பிசினஸ் கிளாஸ் பயணிக்கும் இதேதான். விமானத்துக்கு 55 கிலோ ஒரே பெட்டியில் வந்தாலும் மூன்றில் வந்தாலும் ஒன்றுதான். இந்த எல்லை, அதைத் தூக்கும் மனிதருக்காக வைத்தது.

பெட்டி பெல்ட்டில் போய் மறைந்த பிறகு என்ன நடக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களில் சாமான் அறையின் உயரம் ஏறக்குறைய நாலடிதான். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. லோடர் முட்டி போட்டுக்கொண்டோ குனிந்தோதான் ஒவ்வொரு பெட்டியையும் இழுத்து, திருப்பி, மேலே அடுக்க வேண்டும். காலால் உந்தித் தூக்க வழியில்லாததால், பாரம் முழுவதும் இடுப்புக்கும் தோளுக்கும் போகிறது. ஒரு விமானத்துக்கே நூற்றுக்கும் மேல் பெட்டிகள் இருக்கும், ஒரு ஷிஃப்டில் பல விமானங்கள்.

பாரம் தூக்குவதற்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாம் வசதியாக அமைந்து, பாரம் உடலை ஒட்டி இருந்தால், பரிந்துரைக்கும் அளவு 23 கிலோ. கணுக்காலிலிருந்து கை 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்வரை அந்த அளவு. 50 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் அது பாதியாகி, 11.5 கிலோவுக்கு இறங்கிவிடும். உடம்பைத் திருப்பித் தூக்கினால் இன்னும் குறையும். இதை வைத்துப் பார்த்தால் 32 கிலோ என்பது தாராளமான எல்லை.

அதனால்தான் 'ஹெவி' டேக். பொதுவாக 23 கிலோவைத் தாண்டிய பெட்டியின் கைப்பிடியில், கண்ணில் படும் நிறத்தில் இதைக் கட்டுவார்கள். சிலவற்றில் எடையையும் எழுதுவார்கள். கை வைக்கும் முன்பே லோடர் தயாராகிவிடலாம், இன்னொருவரைக் கூப்பிடலாம். வெளியே பார்த்து எடையைச் சொல்ல முடியாது. லேசாக இருக்கும் என்று நினைத்துச் சட்டென்று இழுக்கும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அந்த டேக் அபராதச் சீட்டு இல்லை. ஊர் போய்ச் சேரும்வரை அவிழ்க்காதீர்கள். 32ஐத் தாண்டினால் டேக் கட்டினாலும் போகாது. பிரித்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் கார்கோவில் அனுப்ப வேண்டும்.

நம் ஊர் பெட்டிகள் இதில் மாட்டுவதற்குக் காரணம், சின்ன இடத்தில் பெரிய எடை உள்ள பொருள்கள்தான். துணியை எவ்வளவு திணித்தாலும் பெரிய பெட்டி 32ஐத் தொடுவது கஷ்டம். புத்தகமோ பித்தளையோ கல்லோ வைத்தால் பாதிப் பெட்டியிலேயே தாண்டிவிடும்.

அந்தத் தம்பதியின் கனமான பெட்டியைத் திறந்து பார்ப்போம். டேபிள்டாப் கிரைண்டர் 12 கிலோ, புத்தகம் 8, குத்துவிளக்கு 5, மசாலாப் பொடி 6, காலிப் பெட்டி 5. ஆக 36. மற்றதில் பெட்டி 4, துணி 15. கனமானது எல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிட்டது. 2 கிலோ எடையுள்ள ஒரு பையைக் கூடுதலாக எடுத்துக்கொண்டால் போதும். முதல் பெட்டியில் கிரைண்டரும் 3 கிலோ துணியும்: 20. இரண்டாவதில் புத்தகமும் 9 கிலோ துணியும்: 21. பையில் விளக்கு, பொடி, 3 கிலோ துணி: 16. மொத்தம் 57, உரிமைக்குள் இருக்கிறது, ஒன்றுக்கும் ஹெவி டேக் தேவையில்லை. கிரைண்டரை ஒரு மூலையில் தள்ளாமல், நடுவில், சுற்றிலும் துணி வைத்துக் கட்டுங்கள். ஒரு பக்கம் சாயும் பெட்டி, கையில் பிடித்தவரை இழுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்கா, கனடா போன்ற தடங்களில் எடைக் கணக்கு இல்லை, பெட்டிக் கணக்கு: பெரும்பாலும் இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. அங்கே 26, 18 என்று கொண்டுபோனால் 26க்குத் தனியாகப் பணம் கேட்பார்கள், மூன்றாவது பைக்கும் கட்டணம் உண்டு. ஆகவே கனமான பொருளை இரண்டு பெட்டிக்கும் சமமாகப் பங்கிடுவதுதான் வழி.

வீட்டிலேயே எடை பார்க்க, குளியலறைத் தராசில் பெட்டியோடு ஒருமுறை, பெட்டி இல்லாமல் ஒருமுறை நின்று கழித்துக்கொள்ளலாம். வீட்டுத் தராசு அரைக் கிலோ முன்பின் காட்டும். எல்லைக்கு ஒரு கிலோ கீழேயே நிறுத்திவிடுங்கள்.