மாலை நாலு மணிக்கு மூன்று தேதிகள்

டிசம்பர் 31 மதியம் மூன்றரை மணிக்கு, நாம் இன்னும் சாப்பாட்டு மயக்கம் தெளியாமல் இருக்கும்போதே, பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியில் புத்தாண்டு பிறந்துவிட்டது என்று டிவியில் செய்தி ஓடும். அதைப் பார்த்துவிட்டு வேளச்சேரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அட்லஸில் தேடினேன் சார். முதலில் புத்தாண்டு பிறக்கிற அந்த நாட்டுக் கிரிட்டிமாட்டி தீவு ஹவாய்க்கு நேர் தெற்கே இருக்கிறது. ஹவாயிலோ மறுநாள், அதாவது நம்முடைய ஜனவரி 1 மதியம் மூன்றரைக்குத்தான் பிறக்கிறது. இரண்டு இடத்துக்கும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தானே உச்சிக்கு வரும்? நடுவில் ஒரு முழு நாள் எங்கே போச்சு?"

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்துப் பாடத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது, அதாவது மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே போனால் கடிகாரம் முன்னால் ஓடும், மேற்கே போனால் பின்தங்கும். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கானது. சென்னை 80 பாகையைச் சற்றுத் தாண்டி இருப்பதால் நம் ஊர் சூரியன் நம் கடிகாரத்துக்குச் சராசரியாக 9 நிமிடம் பின்னால் வருகிறது. (1906இல் இந்திய நேரம் வருவதற்கு முன்பு நாட்டின் ரயில்கள் நுங்கம்பாக்கத்து வானாய்வகம் கணித்த மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. இதைச் சொல்லிக் கொஞ்சம் பெருமைப்படாமல் இருக்க முடியவில்லை.)

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. லண்டன் கிரீன்விச்சில் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் 12 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிழக்கே போவோம். சென்னையில் ஞாயிறு மாலை ஐந்தரை, டோக்கியோவில் ஞாயிறு இரவு ஒன்பது, இன்னும் போய் 180ஆவது பாகையைத் தொடும்போது ஞாயிறு முடிகிற நள்ளிரவு. இப்போது அதே கிரீன்விச்சிலிருந்து மேற்கே போவோம். நியூயார்க்கில் ஞாயிறு காலை ஏழு, ஹவாயில் ஞாயிறு அதிகாலை இரண்டு, இன்னும் போய் அதே 180ஆவது பாகையைத் தொட்டால் நள்ளிரவுதான், ஆனால் ஞாயிறு தொடங்குகிற நள்ளிரவு! கடிகார முள்ளில் எந்தச் சண்டையும் இல்லை, இரண்டு வழியிலும் பன்னிரண்டைத்தான் காட்டுகிறது. தேதியில்தான் ஒரு நாள் இடிக்கிறது. உருண்டையைச் சுற்றித் தேதி எழுதிக்கொண்டே போனால் எங்கேயாவது ஓரிடத்தில் இந்த ஒரு நாள் பிசகு வந்தே தீரும், அதை ஒழிக்க முடியாது, எங்கே வைப்பது என்று மட்டும்தான் முடிவு செய்யலாம். ஆள் நடமாட்டம் குறைவான பசிபிக் நடுவில் அதைத் தள்ளி வைத்திருக்கிறோம், அதுதான் தேதிக்கோடு.

ஆக, இரண்டு தேதிகள் சந்திக்கும் எல்லை பூமியில் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று அசையாமல் நிற்கிற தேதிக்கோடு. இன்னொன்று சூரியனுக்கு நேர் எதிர்ப்புறத்தில் மேற்கு நோக்கி ஓடிக்கொண்டே இருக்கிற நள்ளிரவு. சுருட்டிய பாயின் ஓரத்தைக் காலால் அமுக்கிக்கொண்டு உருட்டிவிடுவது போல, புதுத் தேதியின் ஒரு ஓரம் தேதிக்கோட்டில் நிற்க, மறு ஓரம் நள்ளிரவோடு சேர்ந்து மேற்கே உருண்டு போகிறது. ஆக்லாந்தில் இருக்கும் சொந்தக்காரர் நமக்கு டிசம்பர் 31 மாலை நாலரைக்கு வாழ்த்துச் சொல்கிறார், சிட்னிக்காரர் ஆறரைக்கு, கலிபோர்னியா மாமாவின் போன் மறுநாள் மதியம் ஒன்றரைக்கு வருகிறது. முதலில் யார், கடைசியில் யார் என்பதைச் சூரியன் தீர்மானிப்பதில்லை, கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது.

கோடு தெரியாமல் உலகைச் சுற்றியவர்கள் திகைத்துத்தான் போனார்கள். மெகல்லன் தொடங்கிவைத்த பயணத்தில் மிஞ்சிய விக்டோரியா கப்பல் 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளைத் தொட்டபோது கப்பல் கணக்கில் புதன்கிழமை, கரையில் வியாழன். தினமும் விடாமல் குறிப்பு எழுதிவந்த பிகபெட்டாவுக்கு நம்பவே முடியவில்லை. அவர் எண்ணியதில் பிழை இல்லை. மேற்கே போகிறவருக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீண்டுவிடுகிறது, அந்தத் துளிகள் ஒரு சுற்று முடிவதற்குள் சேர்ந்து முழு நாளாகிவிடுகின்றன.

சரி, கிரிட்டிமாட்டிக்கு வருவோம். தேதிக்கோட்டை இன்ன இடத்தில்தான் போட வேண்டும் என்று எந்தச் சர்வதேசச் சட்டமும் கிடையாது. 1884இல் வாஷிங்டன் மாநாடு கிரீன்விச்சைப் பூஜ்ஜியப் பாகையாகத் தேர்ந்தெடுத்ததோடு சரி. ஒவ்வொரு நாடும் தன் நேரத்தைத் தானே அறிவிக்கிறது, வரைபடக்காரர்கள் அதற்கேற்பக் கோட்டை வளைத்துப் போடுகிறார்கள். கிரிபாட்டி, கோட்டின் இரண்டு பக்கமும் சிதறிக்கிடந்த நாடு. தலைநகர் தாரவாவில் திங்கள் என்றால் கிரிட்டிமாட்டி இருக்கும் கிழக்குத் தீவுகளில் ஞாயிறு, அங்கே வெள்ளி என்றால் இங்கே சனி. அலுவலகத்துக்கு அலுவலகம் பேசிக்கொள்ள வாரத்தில் நாலு நாள்தான் மிஞ்சியது. 1994 முடிந்து 1995 பிறக்கிற சமயத்தில் கிழக்குத் தீவுகள் ஒரு நாளைத் தாண்டிக் குதித்தன. கடிகாரத்தைத் தொடவில்லை, காலண்டரில் மட்டும் ஒரு தாள் அதிகமாகக் கிழிந்தது. கிரீன்விச்சுக்கு 10 மணி நேரம் பின்னால் இருந்தவர்கள் 14 மணி நேரம் முன்னால் வந்துவிட்டார்கள். வேளச்சேரிக்காரர் கேட்ட அந்த ஒரு நாள் போனது இப்படித்தான். அதனால் இன்றைக்கும் கிரிட்டிமாட்டியிலும் ஹவாயிலும் முள் ஒரே மாதிரி நிற்கும், தேதி மட்டும் ஒன்று தள்ளி இருக்கும்.

சமோவா இதையே 2011இல் செய்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு வியாபாரம் பெருத்துவிட்டது, அவர்களுடைய திங்கட்கிழமை தங்களுக்கு ஞாயிறாக இருப்பது தொல்லையாகிவிட்டது. டிசம்பர் 29 வியாழன் இரவு படுத்தவர்கள் 31 சனிக்கிழமை எழுந்தார்கள். பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்க சமோவா அமெரிக்காவோடு வியாபாரம் செய்வதால் நகரவில்லை. விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் நேற்றைக்குப் போய்ச் சேருவீர்கள்.

ராகு காலம் பார்க்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. ஹவாயில் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி: பத்தரை முதல் பன்னிரண்டு, நல்ல காரியம் கூடாது. அதே நொடியில் கிரிட்டிமாட்டியிலும் காலை பதினொன்றுதான், ஆனால் அங்கே சனிக்கிழமை, ராகு காலம் ஒன்பது முதல் பத்தரைக்குள் முடிந்துவிட்டது. தலைக்கு மேல் அதே வானம், அதே கிரகங்கள். சமோவாவில் அரசாங்கம் ஒரு வெள்ளிக்கிழமையையே எடுத்துவிட்டது, அன்றைய ராகு காலம் யாரைப் பிடித்ததாம்? கிழமை நாம் எண்ணுகிற எண்ணிக்கை, வானத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

இத்தனை வளைவுகளால் இன்னொரு வேடிக்கையும் வந்துவிட்டது. ஆள் வசிக்கும் இடங்களில் கடைசியாகப் புத்தாண்டு காண்பவை அமெரிக்க சமோவாவும் நியூவேயும், கிரீன்விச்சுக்கு 11 மணி நேரம் பின்னால். கிரிட்டிமாட்டிக்கும் அவற்றுக்கும் 25 மணி நேர வித்தியாசம், ஒரு நாளைவிட அதிகம். அதனால் உலகம் முழுக்க ஒரே தேதி இருக்கிற நொடி என்று ஒன்று இப்போது கிடையவே கிடையாது. அதைவிட, தினமும் சென்னையில் மதியம் மூன்றரையிலிருந்து நாலரை வரை உலகில் மூன்று தேதிகள் இருக்கும். லினக்ஸ் கணினியோ மேக்கோ இருந்தால் சரியாக மாலை நாலு மணிக்கு இதைத் தட்டிப் பாருங்கள்:

```
TZ=Pacific/Kiritimati date
TZ=Asia/Kolkata date
TZ=Pacific/Pago_Pago date
```

ஜனவரி 1 அன்று தட்டினால் முதல் வரியில் ஜனவரி 2 நள்ளிரவு பன்னிரண்டரை, நடுவில் நம்முடைய ஜனவரி 1 மாலை நாலு, கடைசி வரியில் டிசம்பர் 31 இரவு பதினொன்றரை. அமெரிக்க சமோவாவில் அப்போதும் புத்தாண்டு பிறக்க அரை மணி நேரம் பாக்கி இருக்கும்.